பில் வந்துவிட்டது, ஆனால் பிழையோடு: திருத்திய வரி இன்வாய்ஸைக் கேட்டு வாங்கும் முறை

ஜிஎஸ்டி நடைமுறையில் பொருள் வாங்கிய வணிகருக்கு வரி இன்வாய்ஸ் என்பது வெறும் ரசீது அல்ல. வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள அதுவே ஆதாரம். கடைத்தெருவில் இதை ‘இன்புட் எடுப்பது’ என்பார்கள். சட்டம் உள்ளீட்டு வரி வரவு என்கிறது. அந்த வரவு கிடைக்கச் சரியான பில் கையில் இருந்தாலே போதும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. விற்பவர் அந்தப் பில்லைத் தம் விற்பனைப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டியிருக்க வேண்டும். அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்து விழுந்திருக்கவும் வேண்டும். ஆகவே தவறான பில் வந்தால் சரியான காகிதம் ஒன்றை வாங்கி ஃபைலில் வைப்பதோடு வேலை முடியாது. அரசின் இணையதளத்தில் ஏறிய பதிவும் சேர்ந்து திருந்த வேண்டும். விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சார்ந்தவை.

ஓர் எடுத்துக்காட்டு. ஈரோட்டில் ஒரு நெசவு நிறுவனம். அதற்குப் பெங்களூரில் ஒரு கிடங்கும் உண்டு. மாநிலத்துக்கு ஒரு பதிவு என்பதால் நிறுவனத்துக்கு இரண்டு ஜிஎஸ்டி எண்கள்: ஈரோட்டுக்கு 33 என்று தொடங்கும் எண், பெங்களூருக்கு 29 என்று தொடங்கும் எண். ஈரோட்டுத் தறிக்கூடத்துக்காகக் கோவையில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் நான்கு மின்மோட்டார்களுக்கு ஆர்டர் போகிறது. ஒன்றின் விலை ரூ.18,500. பேசிய தள்ளுபடி 5 சதவீதம். அது பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதப்பட்டிருக்கிறது. வரி 18 சதவீதம்.

2025 ஜூலை 8 தேதியிட்ட பில், எண் CBE/25-26/0412, ஜூலை 10 அன்று லாரியில் சரக்கோடு வந்து சேர்கிறது. ஸ்டோர்காரர் நான்கு பெட்டிகளையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டு, பில்லைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறார். மறுநாள் கணக்காளர் அதை பர்ச்சேஸ் ஆர்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பில்லில் மதிப்பு ரூ.74,000, ஐஜிஎஸ்டி ரூ.13,320, மொத்தம் ரூ.87,320. வாங்குபவர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் சரியாகவே இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே பெங்களூர் முகவரி, 29 என்று தொடங்கும் எண். சரக்கு இறக்க வேண்டிய இடம் என்ற கட்டத்தில் மட்டும் ஈரோட்டு முகவரி.

வர வேண்டிய பில் வேறு. ரூ.74,000-இல் தள்ளுபடி ரூ.3,700 போக வரிக்குரிய மதிப்பு ரூ.70,300. கோவையும் ஈரோடும் ஒரே மாநிலம் என்பதால் சிஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.6,327, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் ரூ.6,327. மொத்தம் ரூ.82,954. இரண்டு பில்களுக்கும் இடையே ரூ.4,366 வித்தியாசம்.

வந்த பில்லில் கணக்குப் பிழை எதுவும் இல்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 74,000-க்கு 18 சதவீதம் 13,320 என்பது சரி. கோவையிலிருந்து கர்நாடகப் பதிவுக்குப் பில் போட்டால் ஐஜிஎஸ்டி என்பதும் சரி. ஒருவர் பெயருக்குப் பில் போட்டு, அவர் சொன்னபடி சரக்கை இன்னோர் இடத்தில் இறக்கும்போது, பில் பெயருக்கு உரியவரின் தலைமையிடமே வழங்கல் இடமாகக் கொள்ளப்படும். ஆகவே வழங்கல் இடம் கர்நாடகம் என்று அச்சாகியிருப்பதும் அதன் போக்கில் சரியே. பில்லை மட்டும் தனியாக வைத்து எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் தவறு தென்படாது. பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோரில் சரக்கு ஏறிய குறிப்பு, பில் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கணக்குப் பிரிவுகளில் இந்த ஒப்பீடு பணம் கொடுக்கும் நாளுக்கு முன்தினம் நடப்பது பெரும் கேடு. சரக்கு இறங்கிய அன்றே நடந்தால் பில்லைத் திருத்தும் வழிகள் பலவும் திறந்திருக்கும்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஜிஎஸ்டி விதி 46 சொல்கிறது. விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத, 16 எழுத்துக்கு மிகாத வரிசை எண், தேதி, வாங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பொருளின் விவரமும் எச்எஸ்என் குறியீடும், அளவு, மொத்த மதிப்பு, தள்ளுபடி போக வரிக்குரிய மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, மாநிலம் விட்டு மாநிலம் என்றால் வழங்கல் இடம், கையொப்பம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் வரவு போய்விடுமோ என்று பயப்படுவோர் உண்டு. விதி 36 அந்தப் பயத்தை ஓரளவு தணிக்கிறது. வரித் தொகை, பொருள் விவரம், மொத்த மதிப்பு, விற்பவர் வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள், மாநிலம் கடந்த விற்பனையில் வழங்கல் இடம் ஆகியவை இருந்தால், மற்றவை குறைந்திருந்தாலும் வரவு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அந்த விதி.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பிழைகளைத் தரம் பிரிக்கலாம். நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலோ, முகவரியில் பின்கோடு தவறியிருந்தாலோ, பர்ச்சேஸ் ஆர்டர் எண் விட்டுப்போயிருந்தாலோ வரவுக்குச் சேதமில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைச் சட்டம் கேட்கவே இல்லை. அது வாங்குபவரின் வசதிக்காக இருப்பது. இப்படிப்பட்டவற்றுக்கு விற்பவரிடமிருந்து ஒரு விளக்கக் கடிதம் வாங்கிப் பில்லோடு இணைத்தால் போதும். இவற்றுக்கும் புதுப் பில் கேட்டு நச்சரித்தால், உண்மையிலேயே திருத்தியாக வேண்டிய பில்லுக்குக் கடிதம் போகும்போது எதிர்ப்பக்கத்தில் அலுப்புதான் மிஞ்சும். ஜிஎஸ்டி எண், வழங்கல் இடம், வரியின் வகை, வரி விகிதம், மதிப்பு ஆகியவற்றில் பிழை இருந்தால் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஜிஎஸ்டி எண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு; தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் நிறுவனத்தின் பான் எண். பதின்மூன்றாவது அதே பான் எண்ணில் அந்த மாநிலத்துக்குள் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. முன்னால் உள்ள பதினான்கையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. தட்டச்சில் ஓர் எழுத்து மாறிப்போனால் கடைசி எழுத்து பொருந்தாமல் போகும், இணையதளம் எண்ணை ஏற்காது. அதனால் எழுத்துப் பிழைகள் பெரும்பாலும் விற்பவரின் மேசையிலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் தப்பி வருவது முழுதும் சரியான, ஆனால் வேறொருவருடைய எண். பெயர்ப் பட்டியலில் அடுத்த வரியில் இருந்த வாடிக்கையாளரின் எண்ணோ, இங்கே நடந்தது போல அதே நிறுவனத்தின் வேறு மாநில எண்ணோ ஏறிவிடும். பெயரும் பான் எண்ணும் ஒன்றாக இருப்பதால் பார்க்கிறவர் கண்ணும் ஏமாறும். முதல் இரண்டு இலக்கத்தில்தான் வேறுபாடு தெரியும்.

விளைவு என்னவென்றால், இந்தப் பில் பெங்களூர்ப் பதிவின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் விழும். சட்டத்தின் கண்ணில் ஈரோட்டுப் பதிவும் பெங்களூர்ப் பதிவும் இரு வேறு நபர்கள். மோட்டார்கள் ஓடுவது ஈரோட்டில். வரவு பெங்களூரின் பெயரில். ‘ஒரே கம்பெனிதானே, அங்கே எடுத்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவோர் உண்டு. பொருள் பெங்களூர்ப் பதிவுக்கு வழங்கப்படவில்லை என்பதால் அந்த வரவு தணிக்கையில் நிற்பது கடினம். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவைத் திருப்பிக் கட்டும்போது ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும்.

ஐஜிஎஸ்டி வந்ததற்குக் காரணமும் இதே எண்தான். கோவை விற்பனையாளரின் பில்லிங் மென்பொருளில் இந்த நிறுவனத்துக்கு இரண்டு கணக்குகள் இருந்திருக்கும். பில் போட்டவர் பெங்களூர்க் கணக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார். 29 என்று கண்டதும் மென்பொருள் வழங்கல் இடத்தைக் கர்நாடகம் ஆக்கி, வரியை ஐஜிஎஸ்டி ஆக்கிவிட்டது. ஆகப் பார்வைக்கு நான்கு பிழைகள் இருந்தாலும் அடிப்படையில் இரண்டுதான்: கணக்கு மாறியது ஒன்று, தள்ளுபடி விடுபட்டது இன்னொன்று. கடிதத்தில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. காரணம் தெரியாமல் விளைவுகளை மட்டும் வரிசைப்படுத்தினால், எதிர்ப்பக்கம் வரியின் வகையை மட்டும் கையால் மாற்றி, எண்ணை அப்படியே விட்டு இன்னொரு தவறான பில்லை அனுப்பும் வாய்ப்பு உண்டு.

இனி, திருத்துவதற்கு என்ன வழி. பில்லின் மேல் பேனாவால் அடித்து எழுதிக் கையொப்பமிடுவது பழைய பழக்கம். ஜிஎஸ்டியில் அதற்குப் பயனில்லை, ஏனென்றால் இணையதளத்தில் ஏறியது அப்படியே இருக்கும். ‘ரிவைஸ்டு இன்வாய்ஸ் அனுப்புங்கள்’ என்று கேட்பதும் சரியான சொல் அல்ல. சட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆவணம் உண்டு. ஆனால் அது புதிதாகப் பதிவு பெற்ற வணிகர், பதிவு நடைமுறைக்கு வந்த நாளுக்கும் சான்றிதழ் கைக்கு வந்த நாளுக்கும் இடையில் செய்த விற்பனைக்காகக் கொடுப்பது. சாதாரணப் பிழைத் திருத்தத்துக்கு அது உரியதல்ல. பேச்சுவழக்கில் அந்தச் சொல் புழங்கட்டும். கடிதத்தில் வேண்டிய ஆவணத்தின் பெயரையே எழுதினால் எதிர்ப்பக்கக் கணக்காளர் என்ன செய்வது என்று யோசித்து நிற்க மாட்டார்.

எந்த ஆவணம் என்பதைக் காலம் முடிவு செய்கிறது. விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் 1 முதல் அவர் இ-இன்வாய்ஸ் போட வேண்டியவர். அவருடைய ஒவ்வொரு பில்லும் அரசின் இன்வாய்ஸ் பதிவுத் தளத்தில் ஏறி, 64 எழுத்து கொண்ட ஐஆர்என் என்ற எண்ணும் க்யூஆர் குறியீடும் பெற்று வரும். ஏறிய பில்லை அந்தத் தளத்தில் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யத்தான் முடியும். அந்தப் பில்லுக்கு எடுத்த இ-வே பில் உயிரோடு இருந்தால் அதுவும் முடியாது. ரத்தான பில்லின் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் வழியில்லை. எடுத்துக்காட்டில் பில் போட்டது 8-ஆம் தேதி, பிழை தெரிந்தது 11-ஆம் தேதி. அந்த வாசல் மூடிவிட்டது.

அடுத்த வாசல், விற்பவர் அந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் செய்வதற்கு முன்னுள்ள நாட்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள். பில் போட்ட மாதம் முடிவதற்குள் பழைய பில்லின் முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட் போட்டு, சரியான விவரத்தோடு புதிய எண்ணில் இன்னொரு பில் போட்டால், மூன்றும் ஒரே மாதக் கணக்கில் சேரும். விற்பவர் கூடுதலாக ஒரு ரூபாய் வரியும் கட்ட வேண்டியிருக்காது. அவர் மனம் இசைவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இ-இன்வாய்ஸ் போட வேண்டாத சிறு வணிகர் என்றால் இன்னும் எளிது: பழைய பில்லை ரத்தானது என்று குறித்துவிட்டுப் புதிதாகப் போடலாம், ரத்தான எண் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஆவணப் பட்டியலில் காட்டப்படும்.

தாக்கல் ஆன பிறகு வழிகள் சுருங்கும். 2024-இல் வந்த ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற படிவத்தில், அதே மாதத்து ஜிஎஸ்டிஆர்-3பி-யைத் தாக்கல் செய்வதற்கு முன் திருத்தலாம். ஆனால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை அதில் மாற்ற முடியாது. அதற்குப் பின்வரும் மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-இல் உள்ள திருத்த அட்டவணையையோ, கிரெடிட் நோட்டையும் புதுப் பில்லையுமோ நாட வேண்டும். வரவும் அந்தப் பின்வரும் மாதத்தில்தான் வரும். எல்லாவற்றுக்கும் இறுதி எல்லை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30. 2025 ஜூலைப் பில் 2025-26 நிதியாண்டைச் சேர்ந்தது. 2026 நவம்பர் 30-க்குப் பிறகு அதற்கு வரவு எடுக்க முடியாது. அதற்கு முன்பே ஆண்டுப் படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டால் எல்லை அந்த நாளிலேயே முடிந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தபின் கடிதம் எழுதுவது கடினமல்ல. நடைமுறையில் பல கடிதங்கள் ‘உங்கள் பில்லில் ஜிஎஸ்டி தவறாக உள்ளது, திருத்தி அனுப்பவும்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. எந்தப் பில், எது தவறு, சரியானது எது, என்ன ஆவணம் வேண்டும், எப்போதைக்குள் என்ற ஐந்துக்கும் அதில் விடை இல்லை. அப்படியொரு கடிதத்துக்குப் பின் நான்கைந்து தொலைபேசி அழைப்புகள் போகும். அதற்குள் 11-ஆம் தேதி கடந்துவிடும். ஈரோட்டுக் கணக்காளர் எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 08.07.2025 தேதியிட்ட தங்கள் பில் எண் CBE/25-26/0412, மொத்தம் ரூ.87,320, சரக்குடன் 10.07.2025 அன்று எங்கள் ஈரோட்டுக் கூடத்தில் கிடைத்தது. நான்கு மோட்டார்களும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. சரக்கைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. பில்லில் மட்டும் கீழ்க்கண்ட பிழைகள் உள்ளன.

முதலாவது, இந்த ஆர்டர் எங்கள் ஈரோட்டுப் பதிவின் பெயரில் கொடுக்கப்பட்டது. பில் எங்கள் பெங்களூர்ப் பதிவின் எண்ணிலும் முகவரியிலும் போடப்பட்டுள்ளது. இதனால் வழங்கல் இடம் கர்நாடகம் (29) என்றும், வரி ஐஜிஎஸ்டி ரூ.13,320 என்றும் வந்துள்ளன. வழங்கல் இடம் தமிழ்நாடு (33) என்றும், வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்றும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பர்ச்சேஸ் ஆர்டரில் ஒப்புக்கொண்ட 5 சதவீதத் தள்ளுபடி ரூ.3,700 கழிக்கப்படவில்லை. வரிக்குரிய மதிப்பு ரூ.70,300, சிஜிஎஸ்டி ரூ.6,327, எஸ்ஜிஎஸ்டி ரூ.6,327, மொத்தம் ரூ.82,954 என்று இருக்க வேண்டும்.

ஆகவே மேற்படி பில்லின் முழுத் தொகைக்கும், பில் போடப்பட்ட அதே பெங்களூர் எண்ணுக்கு ஒரு கிரெடிட் நோட்டும், ஈரோட்டு எண்ணுக்குப் புதிய எண்ணில் ஒரு வரி இன்வாய்ஸும் போட்டு, இரண்டையும் ஐஆர்என் பெற்று அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டும் ஜூலை மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் சேர வேண்டியிருப்பதால் 18.07.2025-க்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். புதிய பில் கிடைத்ததும் பேசிய தவணையில் தொகை அனுப்பப்படும்.

இணைப்பு: பில் நகல், பர்ச்சேஸ் ஆர்டர் நகல், ஈரோட்டுப் பதிவுச் சான்றிதழ் நகல், சரக்குப் பெற்ற குறிப்பு.”

கடிதத்தில் ‘சரக்கைப் பற்றிக் குறை எதுவும் இல்லை’ என்ற வரி மரியாதைக்காக மட்டும் இல்லை. கிரெடிட் நோட் என்ற சொல்லைக் கண்டதும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்களோ என்று விற்பவர் நினைக்கக்கூடும். விற்பனைப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் நடுவே கடிதம் அலையும். அந்த ஒரு வரி அதைத் தடுத்துவிடும். தவறும் சரியும் அருகருகே இருப்பதால் எதிர்ப்பக்கம் கணக்குப் போட வேண்டியதில்லை. இருப்பதைப் பார்த்துப் பதிவிட்டால் போதும். பதிவுச் சான்றிதழை இணைப்பதும் இதற்காகத்தான். ஜிஎஸ்டி எண்ணைத் தொலைபேசியில் சொல்லி எழுதவைப்பதைப் போல ஆபத்து வேறில்லை. ‘பி’யும் ‘டி’யும், ‘எம்’மும் ‘என்’னும் காதில் ஒன்றாகவே விழும்.

கேட்கக் கூடாத இரண்டு உண்டு. பழைய தேதியிலேயே, பழைய எண்ணிலேயே புதுப் பில் கேட்பது ஒன்று. பதிவுகள் ஒத்துப்போகட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒரே எண்ணில் இரண்டு பில் என்பது விதி 46-க்கு விரோதம். பதிவுத் தளமும் ஏற்காது. புதிய பில்லில் அன்றைய தேதி இருக்கட்டும். குறிப்புப் பகுதியில் ‘பில் எண் CBE/25-26/0412-க்குப் பதிலாக’ என்று எழுதச் சொன்னால் தொடர்பு விளங்கும். மற்றொன்று, தள்ளுபடிக்கு மட்டும் வரியில்லாத கிரெடிட் நோட் ஒன்றைத் தனியாகக் கேட்பது. விற்பனைக்கு முன்பே பேசி முடித்த தள்ளுபடி பில்லிலேயே கழிய வேண்டியது. வரியோடு சேர்த்து ரூ.4,366 குறைய வேண்டிய இடத்தில் ரூ.3,700 மட்டும் குறைந்தால், மீதி ரூ.666 தேவையின்றி வரியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பதில் வந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவது இயல்பு. ஜூலை 14 அன்று விற்பவர் இரண்டு ஆவணங்களை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் நோட்டில் பார்க்க வேண்டியது: அது ரூ.74,000 மதிப்புக்கும் ரூ.13,320 ஐஜிஎஸ்டிக்கும் இருக்க வேண்டும். பழைய பில்லின் எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் எண் 29 என்றுதான் தொடங்க வேண்டும். திருத்தம் என்ற உற்சாகத்தில் கிரெடிட் நோட்டையும் 33 என்ற எண்ணுக்குப் போட்டுவிடும் தவறு நேர்வதுண்டு. அப்படி நேர்ந்தால் பெங்களூரில் பழைய பில் அப்படியே நிற்க, ஈரோட்டு வரவில் ரூ.13,320 குறைந்துவிடும். புதிய பில்லில் எண், வழங்கல் இடம், இரு வரிகள், தள்ளுபடி ஆகியவற்றோடு க்யூஆர் குறியீடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இ-இன்வாய்ஸ் போட வேண்டிய வணிகர் ஐஆர்என் இல்லாமல் கொடுத்தது பில்லே அல்ல என்கிறது விதி. வரி வரவுக்கு அது உதவாது.

பிறகு இணையதளம். 2024 அக்டோபர் முதல் இன்வாய்ஸ் மேலாண்மை என்ற பகுதி அங்கே இருக்கிறது. விற்பவர் ஏற்றியவை எல்லாம் வாங்குபவருக்கு அதில் தெரியும். ஒவ்வொன்றையும் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஈரோட்டுப் பதிவில் புதிய பில்லை ஏற்க வேண்டும். பெங்களூர்ப் பதிவில் பழைய பில்லும் கிரெடிட் நோட்டும் சேர்ந்து தெரியும். இரண்டையும் ஒரே மாதத்தில் ஏற்றால் ஒன்றையொன்று அடித்துப் பூச்சியமாகிவிடும். ‘எங்களுக்குச் சம்பந்தமில்லாதது’ என்று பெங்களூர்க் கணக்காளர் கிரெடிட் நோட்டை மறுத்துவிட்டால், குறைந்த வரி மறுபடி விற்பவரின் தலையில் ஏறும். தாம் கேட்டதைச் செய்துகொடுத்தவருக்கு அப்படி ஒரு சுமை வரவிடக் கூடாது. அதனால் ஈரோட்டுக் கணக்காளர் கடிதம் அனுப்பிய அன்றே பெங்களூருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14 அன்று ஜூலை மாதத்து ஜிஎஸ்டிஆர்-2பி உருவாகும். ஈரோட்டுப் பதிவின் பட்டியலில் புதிய பில் எண்ணும், சிஜிஎஸ்டி ரூ.6,327-உம், எஸ்ஜிஎஸ்டி ரூ.6,327-உம் இருந்தால் ஆகஸ்ட் 20-க்குள் தாக்கலாகும் ஜிஎஸ்டிஆர்-3பி-யில் ரூ.12,654 வரவு எடுக்கலாம். இல்லையென்றால் விற்பவர் அழகான பிடிஎஃப் ஒன்றை அனுப்பியதோடு சரி, தாக்கலில் சேர்க்கவில்லை என்று பொருள். அப்போது அந்த மாதம் வரவு எடுக்காமல் நிறுத்திவைத்து, எந்தெந்த ஆவணம் பட்டியலில் இல்லை என்று எண்ணோடு குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் எழுத வேண்டும். முதல் கடிதத்தின் தேதியை அதில் சொல்ல வேண்டும்.

பணம் கொடுப்பதைப் பற்றி ஒரு சொல். பில் தவறு என்பதற்காக முழுத் தொகையையும் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது நியாயமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. விற்பவர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றவர் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளிப்போடச் சட்டம் இடம் தருவதில்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். ஜிஎஸ்டி சட்டத்தின்படியும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கின் மதிப்பான ரூ.70,300-ஐத் தவணை நாளில் கொடுத்துவிட்டு, வரிப் பகுதியை மட்டும் 2பி-யில் பில் தெரியும்வரை நிறுத்திவைப்பதாக ஆர்டர் போடும்போதே பேசிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. முன்கூட்டிப் பேசியிருந்தால் அதில் மனக்கசப்பு வராது.

இன்னும் ஒரு வேலை இரு பக்கமும் மிச்சம். விற்பவரின் மென்பொருளில் ஈரோடு, பெங்களூர் என்ற இரண்டு கணக்குகளும் ஒரே பெயரில் இருக்கும்வரை அடுத்த ஆர்டரிலும் இதே கதை நடக்கும். கணக்கின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைக்குமாறு அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வாங்குபவரும் பர்ச்சேஸ் ஆர்டரின் தலைப்பில் ‘பில் போட வேண்டிய ஜிஎஸ்டி எண்’ என்று தனிக் கட்டம் போட்டு, 33 என்று தொடங்கும் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம்.